மட்டு மதிப்பு, மினிமேக்ஸ், குறி கட்டற்ற மாறி: நேரியல் திட்டமிடலின் திட்ட வடிவத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொருத்தமான ஒரு நேர்கோடு வேண்டும்.

```
x :   0   1   2   3   4
y :  -3  -1   1   3  13
```

கோட்டை `y = m x + c` என்று எழுதுவோம். ஒவ்வொரு புள்ளியிலும் பிழை `e = y - (m x + c)`. பிழைகளின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் வரும் எண்ணைச் சிறிதாக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. இருப்பதிலேயே பெரிய பிழையைச் சிறிதாக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையுமே நேரியல் திட்டமிடலால் தீர்க்கலாம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு அப்படியே அதற்குள் நுழையாது. மட்டு மதிப்பு நேரியல் சார்பு அல்ல. ‘எல்லாவற்றிலும் பெரியது’ என்பதும் அல்ல. போதாக்குறைக்கு, `m`, `c` இரண்டும் எந்தக் குறியிலும் வரலாம்.

இந்த மூன்று தடைகளுக்கும் மூன்று தந்திரங்கள் உண்டு. பெரும்பாலும் அவற்றைத் தனித்தனிச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சூத்திரம் எப்போது வேலை செய்யும், எப்போது சத்தமில்லாமல் தவறான விடையைத் தரும் என்பது அதைப் பார்த்தால் தெரியாது. அதனால் இந்த ஐந்து புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றையும் அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

## திட்ட வடிவம் என்ன கேட்கிறது?

திட்ட வடிவத்துக்கு மூன்றே நிபந்தனைகள்:

1. குறிக்கோள் சார்பு நேரியலாக இருக்க வேண்டும். அதை மீச்சிறிதாக்க வேண்டும்.
2. கட்டுப்பாடுகள் எல்லாம் நேரியல் சமன்பாடுகளாக இருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு மாறியும் பூச்சியமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும்.

சமன்பாட்டின் வலப்பக்க எண்ணும் எதிர்மறையாக இருக்கக் கூடாது என்று சில நூல்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கின்றன. அது பெரிய விஷயமில்லை. எதிர்மறையாக வந்தால் சமன்பாடு முழுவதையும் -1 ஆல் பெருக்கிவிடலாம். மீப்பெரிதாக்கச் சொன்னால் குறிக்கோளின் குறியை மாற்றிக்கொள்ளலாம். சமனின்மை வந்தால் ஒரு ஸ்லாக் மாறியைச் சேர்த்துச் சமன்பாடாக்கலாம்: `a ≤ b` என்பது `a + s = b`, `s ≥ 0` ஆகிவிடும். இவை வெறும் எழுத்து மாற்றங்கள். கணக்கின் பொருள் மாறுவதில்லை.

1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை இந்த வடிவத்தை நம்பியே நடக்கிறது. எந்த மாறியைப் பூச்சியத்தில் நிறுத்துவது, எதை மேலே ஏற்றுவது என்பதுதான் அதன் ஒவ்வொரு அடியும். மாறிக்குக் கீழே பூச்சியம் என்ற தரை இல்லாவிட்டால் ‘நிறுத்துவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

## முதலில் குறி கட்டற்ற மாறி

நம் கோட்டில் `c` என்ற வெட்டுத்துண்டு எதிர்மறையாக வரும் என்று புள்ளிகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம். முதல் நான்கும் `y = 2x - 3` என்ற கோட்டில் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாவது மட்டும் எங்கோ மேலே போய்விட்டது. ஆக `c ≥ 0` என்று வைத்துக்கொள்ள முடியாது.

வழி எளிது. எந்த எண்ணையும் இரண்டு நேர்ம எண்களின் வித்தியாசமாக எழுதலாம்.

```
c = c1 - c2,   c1 ≥ 0,  c2 ≥ 0
m = m1 - m2,   m1 ≥ 0,  m2 ≥ 0
```

`c = -3` என்றால் `c1 = 0`, `c2 = 3`. ஆனால் `c1 = 10`, `c2 = 13` என்றாலும் அதே -3 தான். ஒரே எண்ணுக்கு எண்ணற்ற எழுத்து வடிவங்கள் உண்டு. இங்கே அது பிழையில்லை, ஏனென்றால் கணக்கில் எங்கும் `c1`, `c2` தனித்து வருவதில்லை. அவற்றின் வித்தியாசம் மட்டுமே வருகிறது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மட்டு மதிப்பில் நிலைமை இப்படி இருக்காது.

சிம்ப்ளெக்ஸ் முறையில் `c1`, `c2` இரண்டும் ஒரே நேரத்தில் நேர்மமாக வராது. ஒன்றின் நிரல் மற்றதன் நிரலை -1 ஆல் பெருக்கியது. இப்படிச் சார்புடைய இரண்டு நிரல்கள் ஒரே அடிப்படைக்குள் இருக்க முடியாது, ஆகவே ஒன்றாவது பூச்சியமாகவே இருக்கும். சிம்ப்ளெக்ஸுக்கு மாற்றாக, பகுதியின் உள்ளே ஊடுருவிச் செல்லும் உட்புள்ளி முறையில் இந்தக் காவல் கிடையாது. அங்கே `c1`, `c2` இரண்டும் கைகோத்துக்கொண்டு பெரிய பெரிய எண்களாக ஏறலாம். வித்தியாசம் சரியாக இருந்தாலும், இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது துல்லியம் போய்விடும். விடையில் `c1`, `c2` இரண்டும் காரணமில்லாமல் பெரிதாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

மாறிகள் இரட்டிப்பாவது பிடிக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. எல்லாக் கட்டற்ற மாறிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு மாறியைக் கழித்தால் போதும்: `m = m' - w`, `c = c' - w`. இருக்கும் மாறிகளிலேயே மிகக் கீழே போவது எதுவோ அதைத் தூக்கிப் பிடிக்குமளவு `w` இருந்தால், மற்றவை தாமாகவே நேர்மமாகிவிடும். பத்து கட்டற்ற மாறிகள் இருந்தால் இருபது தேவையில்லை, பதினொன்று போதும்.

### தரையை மறந்தால் என்ன ஆகும்?

இன்றைய மென்பொருள்களில் இந்தப் பிரிப்பை நாம் கையால் செய்ய வேண்டியதில்லை. மாறி கட்டற்றது என்று சொன்னால் போதும், அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் சொல்ல வேண்டும். `scipy` நூலகத்தின் `linprog` எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு மாறிக்கும் கீழ்வரம்பு பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. எல்.பி. கோப்பு வடிவத்திலும் அப்படியே. அங்கே `Bounds` பகுதியில் `free` என்று எழுத வேண்டும். எம்.பி.எஸ். கோப்பில் அதற்கு `FR` என்ற குறி. `PuLP` மட்டும் நேர்மாறானது, சொல்லாவிட்டால் கட்டற்றது என்று கொள்ளும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கவலைக்குரியது. நம் புள்ளிகளுக்கே மட்டு மதிப்புக் கூட்டலைச் சிறிதாக்கும்போது `c ≥ 0` என்ற தரை தெரியாமல் நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கும் விடை `m = 1`, `c = 0`. பிழைகளின் மட்டு மதிப்புகள் 3, 2, 1, 0, 9. கூட்டினால் 15. தீர்வி ‘உகந்த தீர்வு கிடைத்தது’ என்றே சொல்லும். தனக்குக் கொடுத்த கணக்குக்கு அது உண்மைதான். நாம் கேட்க நினைத்த கணக்குக்கு உகந்த கூட்டல் 8 என்று இப்போது பார்க்கப் போகிறோம். விடையில் ஒரு மாறி சரியாகப் பூச்சியத்தில் நின்றால், அது தானாக அங்கே வந்ததா, தரையில் முட்டி நின்றதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

## மட்டு மதிப்பு: சமன்பாடு அல்ல, அழுத்தம்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு பிழையையும் முன்போலவே இரண்டாகப் பிரிக்கிறோம்: `e = p - n`. புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த உயரம் `p`. கீழே இருந்தால் அந்த ஆழம் `n`. பிறகு `|e|` இருக்கும் இடத்தில் `p + n` என்று போட்டுவிடுகிறோம்.

```
சிறிதாக்க:   p1+n1 + p2+n2 + p3+n3 + p4+n4 + p5+n5

 0(m1-m2) + (c1-c2) + p1 - n1 = -3
 1(m1-m2) + (c1-c2) + p2 - n2 = -1
 2(m1-m2) + (c1-c2) + p3 - n3 =  1
 3(m1-m2) + (c1-c2) + p4 - n4 =  3
 4(m1-m2) + (c1-c2) + p5 - n5 = 13

 எல்லா மாறிகளும் ≥ 0
```

பதினான்கு மாறிகள், ஐந்து சமன்பாடுகள். வலப்பக்கம் எதிர்மறையாக உள்ள முதல் இரண்டையும் -1 ஆல் பெருக்கினால் திட்ட வடிவம் முழுமையாகிவிடும். இந்த வடிவத்தில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. சிம்ப்ளெக்ஸைத் தொடங்கச் செயற்கை மாறிகள் தேவையில்லை. `n1`, `n2`, `p3`, `p4`, `p5` ஆகியவற்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டால் தொடக்கத் தீர்வு தயார். அதன் பொருள் `y = 0` என்ற கோடு; கூட்டல் 3 + 1 + 1 + 3 + 13 = 21. அங்கிருந்து இறங்க வேண்டியதுதான்.

ஆனால் `|e|`க்குப் பதிலாக `p + n` என்று எழுதினோமே, அது சரியா? நேராகச் சொன்னால், இல்லை. `e = 2` என்றால் `p = 2, n = 0` இருக்கலாம், `p = 7, n = 5` என்றும் இருக்கலாம். முதலாவதில் `p + n` இரண்டு, அடுத்ததில் பன்னிரண்டு. பொதுவாக உண்மையாக இருப்பது `p + n ≥ |e|` என்ற சமனின்மை மட்டுமே. `c1`, `c2` விஷயத்தில் வித்தியாசம் மட்டும் கணக்கில் வந்ததால் எப்படிப் பிரித்தாலும் கவலையில்லை. இங்கே கூட்டலும் கணக்கில் வருகிறது. பிரிப்பு மாறினால் விடையும் மாறும்.

பிறகு எப்படி இது வேலை செய்கிறது? குறிக்கோள் சார்பு `p + n`ஐக் கீழே அழுத்துகிறது. `p`, `n` இரண்டும் நேர்மமாக இருந்தால், இரண்டிலிருந்தும் ஒரே அளவைக் குறைக்கலாம். வித்தியாசம் மாறாது, சமன்பாடுகள் உடையாது. கூட்டல் மட்டும் குறையும். ஆகவே அப்படிப்பட்ட தீர்வு உகந்ததாக இருக்கவே முடியாது. உகந்த தீர்வில் இரண்டில் ஒன்று பூச்சியம், அப்போதுதான் `p + n = |e|`.

இந்த முழுத் தலைப்பிலும் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். `p + n` மட்டு மதிப்புக்குச் சமமாவதை எந்தக் கட்டுப்பாடும் உறுதி செய்வதில்லை. குறிக்கோளின் அழுத்தம்தான் உறுதி செய்கிறது. அழுத்தம் போனால் சமமும் போகும்.

### விடையும் அதன் சான்றும்

தீர்த்தால் `m = 2`, `c = -3` வருகிறது. முதல் நான்கு பிழைகள் பூச்சியம், கடைசி 8. கூட்டல் 8. இதைவிடச் சிறியது இல்லை என்று தீர்வியை நம்பாமலே காட்டலாம். ஐந்து பிழைகளையும் முறையே 0.5, 0, -0.5, -1, 1 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். இந்த எண்களின் கூட்டல் பூச்சியம், அதனால் `c` மறைந்துவிடும். `x`ஆல் பெருக்கிக் கூட்டினாலும் -1 - 3 + 4 = 0, அதனால் `m`உம் மறைந்துவிடும். மிஞ்சுவது `y` மட்டும்: -1.5 + 0 - 0.5 - 3 + 13 = 8. எந்தக் கோட்டை எடுத்தாலும் இந்தக் கூட்டல் 8 தான். பெருக்கிய எண்கள் எல்லாம் -1 முதல் 1 வரைக்குள் இருப்பதால், மட்டு மதிப்புகளின் கூட்டல் இதற்குக் கீழே போக வழியில்லை. இந்தப் பெருக்கு எண்கள் எங்கிருந்தோ வந்தவை அல்ல, மூலக் கணக்கோடு இணைந்து அதற்குக் கீழ்வரம்பு தரும் இருமைக் கணக்கின் மாறிகள் அவை. `linprog` அவற்றையும் விடையோடு தருகிறது, ஆனால் இருமைக் கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருப்பதால் இதே எண்கள்தான் வர வேண்டும் என்றில்லை.

```python
import numpy as np
from scipy.optimize import linprog

x = np.array([0, 1, 2, 3, 4])
y = np.array([-3, -1, 1, 3, 13])
I = np.eye(5)
A = np.column_stack([x, np.ones(5), I, -I])
cost = [0, 0] + [1] * 10
bounds = [(None, None)] * 2 + [(0, None)] * 10
r = linprog(cost, A_eq=A, b_eq=y, bounds=bounds)
print(r.x[:2], r.fun)
```

`bounds` வரியில் வரும் `(None, None)` தான் `m`, `c` இரண்டும் கட்டற்றவை என்று சொல்வது. அழைப்பிலிருந்து `bounds=bounds` என்பதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன 15 வந்து நிற்கும்.

மட்டு மதிப்புகளைக் கூட்டிச் சிறிதாக்கும் எண்ணம் பழையது. 1757-லேயே பாஸ்கோவிச் அதை முன்வைத்தார். நேரியல் திட்டமிடல் வந்த பிறகு, 1955-ல் சார்ன்ஸ், கூப்பர், ஃபெர்குசன் ஆகிய மூவரும் இந்தப் பிரிப்பின் வழியாக அதை சிம்ப்ளெக்ஸுக்குள் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பிழை வர்க்கங்களின் கூட்டலைச் சிறிதாக்கும் முறை ஆட்சி செய்ததற்கு, அதைக் கையால் எளிதாகத் தீர்க்க முடிந்தது ஒரு பெரிய காரணம்.

## மினிமேக்ஸ்: ஒரு கூரையும் அதை இறக்குவதும்

அடுத்த கேள்வி: ஐந்து பிழைகளில் பெரியது எவ்வளவு சிறிதாக முடியும்? எல்லாப் பிழைகளுக்கும் மேலே ஒரு கூரை போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் `t`. எந்தப் பிழையின் மட்டு மதிப்பும் கூரையைத் தாண்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. கூரையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்க வேண்டும் என்பது குறிக்கோள்.

```
சிறிதாக்க:   t

ஒவ்வொரு புள்ளிக்கும்:
   y - m x - c  ≤ t
 -(y - m x - c) ≤ t
```

ஐந்து புள்ளிகளுக்குப் பத்து சமனின்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லாக் மாறி. `m`, `c` இரண்டையும் பிரித்தால் நான்கு. `t` ஒன்று. மொத்தம் பதினைந்து மாறிகள், பத்து சமன்பாடுகள்.

இங்கும் அதே கதைதான். `t` பெரிய பிழைக்குச் சமம் என்று எந்த வரியும் சொல்லவில்லை. குறைந்தபட்சம் அவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன. கூரை எதன் மீதாவது முட்டும் வரை இறங்குவது குறிக்கோள் தரும் அழுத்தத்தால்தான்.

விடை `m = 4`, `c = -6`, `t = 3`. பிழைகள் வரிசையாக 3, 1, -1, -3, 3. கூரை மூன்று இடத்தில் முட்டுகிறது: `x = 0`, `x = 3`, `x = 4`. அந்த மூன்றின் குறிகளும் மாறி மாறி வருகின்றன, கூட்டல், கழித்தல், கூட்டல். கோட்டுப் பொருத்தத்தில் மினிமேக்ஸ் விடையைக் கண்ணால் சரிபார்க்க இது நல்ல அடையாளம். காரணத்தையும் பார்த்துவிடலாம். அந்த மூன்று பிழைகளை 0.25, -1, 0.75 ஆல் பெருக்கிக் கூட்டினால் `m`உம் `c`உம் மறைந்து -0.75 - 3 + 9.75 = 6 மிஞ்சும். பெருக்கு எண்களின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் 2. ஆக மூன்றில் ஒரு பிழையாவது 6-இல் பாதியாகிய 3-ஐ எட்டியே தீர வேண்டும்.

இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கோடு நான்கு புள்ளிகளைத் துல்லியமாகப் பிடித்துவிட்டு, விலகிப்போன ஐந்தாவதை 8 தூரத்தில் விட்டுவிட்டது. இரண்டாவது கோடு அந்த ஒற்றைப் புள்ளிக்காக மற்ற நான்கையும் விட்டு நகர்ந்தது. பிழைகளின் கூட்டல் 11 ஆகிவிட்டது. ஐந்தாவது புள்ளி அளவிடும்போது நேர்ந்த தவறாக இருக்கலாம் என்றால் முதல் கோடுதான் நல்லது. எந்த இடத்திலும் பிழை ஒரு வரம்பைத் தாண்டவே கூடாது என்றால் இரண்டாவது. எது உகந்தது என்பதைத் தீர்வி சொல்லாது. குறிக்கோளை எழுதும்போதே நாம் அதைத் தீர்மானித்துவிடுகிறோம்.

### `t`யும் கட்டற்றதாக இருக்க வேண்டிய நேரம்

மேலே உள்ள கணக்கில் `t ≥ 0` என்று போட்டாலும் குறையில்லை. ஒரு புள்ளியின் இரண்டு சமனின்மைகளையும் கூட்டினால் `0 ≤ 2t` என்று வருகிறது, அதனால் தரை தானாகவே அமைகிறது. ஆனால் மினிமேக்ஸ் கணக்குகள் எல்லாம் மட்டு மதிப்பு சார்ந்தவை அல்ல. `x - 5`, `-x - 3` என்ற இரண்டில் பெரியதைச் சிறிதாக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் சமமாகும் இடம் `x = 1`. அங்கே மதிப்பு -4, அதுதான் சரியான விடை. `t`க்குப் பூச்சியத் தரை போட்டுவிட்டால் தீர்வி `t = 0` என்று நிறுத்திவிடும், `x` ஆக -3 முதல் 5 வரை எதையாவது கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கிடைத்த `x`ஐ மூலச் சார்புகளில் போட்டு உண்மையான பெரிய மதிப்பைக் கணக்கிட்டு `t`உடன் ஒப்பிடுவது. பொருந்தாவிட்டால் கூரை எதன் மீதும் முட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள்.

## அழுத்தம் தலைகீழாகும்போது

இதுவரை பார்த்ததெல்லாம் மட்டு மதிப்பைச் சிறிதாக்கும் கணக்குகள். பெரிதாக்கச் சொன்னால்? `-2 ≤ x ≤ 3` என்ற எல்லைக்குள் `|x|`ஐ மீப்பெரிதாக்க வேண்டும். விடை 3 என்று குழந்தைக்கும் தெரியும். அதே தந்திரத்தைப் போட்டுப் பார்ப்போம்: `x = p - n`, மீப்பெரிதாக்க `p + n`. இப்போது `p = 100`, `n = 100` என்றால் `x = 0`, எல்லைக்குள் இருக்கிறது. குறிக்கோளோ 200. ஆயிரம் ஆயிரமாகவும் ஏற்றலாம். தீர்வி ‘வரம்பற்றது’ என்று அறிவிக்கும். தெளிவாக எல்லை போட்ட கணக்கில் இந்தச் செய்தி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுத்தம் தலைகீழான ஒரு மட்டு மதிப்பைத்தான்.

ஒரே ஒரு மட்டு மதிப்பு என்றால் தப்பிக்கலாம். `x`ஐ ஒரு முறையும் `-x`ஐ ஒரு முறையும் மீப்பெரிதாக்கி, பெரிய விடையை எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பத்து இருந்தால் 1024 கணக்குகள் ஆகிவிடும்.

கட்டுப்பாடுகளுக்குள் வரும் மட்டு மதிப்புக்கும் இதே பிரிவினை பொருந்தும்.

1. `|x| ≤ 5` சிக்கலற்றது. `x ≤ 5`, `-x ≤ 5` என்று இரண்டாக எழுதினால் முடிந்தது. இது எந்தக் குறிக்கோளுக்கும் செல்லும், அழுத்தம்கூடத் தேவையில்லை.
2. `|x| + |z| ≤ 10` கூட முடியும். ஒவ்வொன்றையும் பிரித்து `p + n`களைக் கூட்டினால் போதும். கூட்டல் உண்மையான மதிப்பைவிடப் பெரிதாக இருந்தாலும், அது கட்டுப்பாட்டை இறுக்குமே தவிர மீறாது.
3. `|x| ≥ 5` முடியாது. இங்கே `p + n ≥ 5` என்று எழுதினால் `p = n = 2.5` போதும், `x = 0` ஆகவும் கட்டுப்பாடு நிறைவேறியதாகவும் காட்டும். `|x| = 5` என்பதற்கும் இதே கதி.

மூன்றாவது ஏன் முடியாது என்பதற்கு ஆழமான காரணம் உண்டு. 5 அனுமதிக்கப்பட்டது, -5 உம் அனுமதிக்கப்பட்டது. அவற்றின் நடுவில் இருக்கும் 0 அனுமதிக்கப்படவில்லை. நேரியல் கட்டுப்பாடுகளால் உருவாகும் பகுதி எப்போதும் குவி கணம். இரண்டு புள்ளிகள் உள்ளே இருந்தால் நடுப்புள்ளியும் உள்ளே இருந்தாக வேண்டும். ஆகவே எத்தனை புதிய மாறிகளைச் சேர்த்தாலும், எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் இதை நேரியல் திட்டமாக்க முடியாது. மினிமேக்ஸிலும் இதே கோடுதான். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கலாம். பெரியதைப் பெரிதாக்குவது ஒரே திட்டமாக அமையாது. ஒவ்வொரு சார்புக்கும் தனிக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும்.

### இரும மாறி என்ற கடைசி வழி

`|x| ≥ 5` உண்மையிலேயே தேவை என்றால் 0 அல்லது 1 மட்டுமே எடுக்கும் `b` என்ற மாறியைக் கொண்டுவர வேண்டும். அப்போது கணக்கு முழு எண் திட்டமிடலாக மாறிவிடும்; தீர்க்க நேரமும் கூடலாம்.

```
x ≥  5 - M b
x ≤ -5 + M (1 - b)
b = 0 அல்லது 1
```

`b = 0` என்றால் முதல் வரி `x ≥ 5` என்று பிடித்துக்கொள்ளும், இரண்டாவது தளர்ந்துவிடும். `b = 1` என்றால் எதிர்ப்பக்கம். `M` எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே போட வேண்டும். `x` -100-க்கும் 100-க்கும் இடையில் இருக்கும் என்று தெரிந்தால் `M = 105` போதும். `b = 1` ஆகும்போது `5 - 105 = -100`, `b = 0` ஆகும்போது `-5 + 105 = 100`, அதனால் தளர வேண்டிய வரி எந்த மதிப்பையும் தடுக்காது.

எதற்கும் இருக்கட்டும் என்று `M`க்கு நூறு கோடியைப் போடுகிறவர்கள் உண்டு. தீர்விகள் முழு எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சிறு விலகலைப் பொறுத்துக்கொள்கின்றன. வழக்கமாக அது 0.000001 அளவில் இருக்கும். `b = 0.000000005` என்பது அதைவிடவும் மிகச் சிறியது, எனவே பூச்சியம் என்றே ஏற்கப்படும். ஆனால் நூறு கோடியால் பெருக்கினால் அது 5. முதல் வரி `x ≥ 0` ஆகிவிட, `x = 0` என்ற தவறான தீர்வு எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துவிடும். `M = 105` ஆக இருந்தால் அதே ஓட்டைக்கு `b` கிட்டத்தட்ட 0.048 ஆக வேண்டும்; அதை எந்தத் தீர்வியும் பூச்சியம் என்று ஏற்காது.